போட்டோவில் உள்ள கையைப் பார்த்து மோதிர அளவு சொல்ல முடியுமா?

கேள்வி: தம்பிக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம். பெண் வேலூரில் நர்ஸ், சொந்த ஊர் குடியாத்தம். மோதிரம் சர்ப்ரைஸாக இருக்கணும் என்று தம்பி ஒரே பிடிவாதம், அதனால் அளவு கேட்க வழியில்லை. என்னிடம் இருப்பது இரண்டு போட்டோ. கண்ணாடி முன்னால் போனைப் பிடித்து அவளே எடுத்தது ஒன்று (போன் மாடல் தெரியும்), புறங்கையில் மெஹந்தி போட்ட படம் ஒன்று. மெஹந்தி படத்தில் விரல்கள் குட்டையாக, தடித்துத் தெரிகின்றன. இதை வைத்து அளவும் மாடலும் முடிவு செய்யலாமா? பத்தரிடம் அந்தக் கையை எப்படி விவரித்துச் சொல்வது?

பதில்:

மாடலை முடிவு செய்துவிடலாம். அளவை நெருங்கத்தான் முடியும், ஒன்றிரண்டு எண் முன்னே பின்னே இருக்கும். வேலூரில் நகைக்கடை கவுன்டரில் நிற்கிறவன் என்பதால் இந்த மாதிரி போட்டோக்கள் எனக்கு அடிக்கடி வரும். நீங்கள் அனுப்பிய இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டில் ஒன்று நல்ல படம்.

முதலில் எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள். நம் கடைகளில் 12, 14 என்று சொல்லும் மோதிர அளவு, உள்சுற்றளவை மில்லிமீட்டரில் எடுத்து அதில் 40 கழித்தால் வருவது. 12 என்றால் உள்சுற்று 52 மி.மீ., உள்விட்டம் சுமார் 16.5 மி.மீ. ஒரு எண் கூடினால் சுற்றில் 1 மி.மீ. கூடும், ஆனால் விட்டத்தில் கூடுவது 0.3 மி.மீ. மட்டும். மூன்று ஜெராக்ஸ் தாளை அடுக்கினால் வரும் கனம் அவ்வளவுதான். போட்டோவில் நாம் அளக்கப்போவது விரலின் அகலத்தை. அதில் அரை மில்லிமீட்டர் தப்பினாலே ஒன்றரை எண் தப்பிவிடும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் எந்தப் படத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது தானாகவே விளங்கும்.

மெஹந்தி படத்தை அளவுக்கு எடுக்க முடியாது. அதில் ஒப்பிட்டுப் பார்க்க அளவு தெரிந்த பொருள் எதுவும் இல்லை. போதாததற்கு கையை கேமராவை நோக்கி நீட்டிக் கிட்டத்தில் எடுத்திருக்கிறார்கள். கிட்டத்தில் எடுத்தால் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் நுனி பெருத்தும், தள்ளி இருக்கும் அடிவிரல் சிறுத்தும் தெரியும். விரலின் நீளமும் சுருங்கிவிடும். குட்டையான தடித்த விரல் என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அது இந்தப் படம் செய்த வேலை. கண்ணாடிப் படத்தில் அதே விரல் நடுத்தர நீளத்தில், நுனியை நோக்கி மெலிந்து போகிறது.

கண்ணாடிப் படம்தான் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். போனைப் பிடித்திருக்கும் விரல்கள் போனின் முதுகை ஒட்டியே இருக்கின்றன, போனின் அளவோ கம்பெனி இணையதளத்திலேயே இருக்கிறது. கேமராவிலிருந்து கண்ணாடி வரை போய்த் திரும்பும் தூரம் ஒரு மீட்டருக்கு மேல் இருப்பதால், விரல் போனை விட அரை அங்குலம் முன்னால் இருந்தாலும் பெரிய பிழை வராது. மேஜையில் கையை வைத்துப் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயத்தைப் போட்டு எடுக்கும் படத்தில் இந்த வசதி கிடையாது. நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. என்று தெரிந்தாலும், விரலின் அகலமான இடம் மேஜையிலிருந்து 8 மி.மீ. மேலே இருக்கும். ஒரு அடி உயரத்திலிருந்து எடுத்தால் அந்த 8 மி.மீ. மட்டுமே விரலை ஒன்று, ஒன்றரை எண் பெரிதாகக் காட்டிவிடும். அப்படி எடுக்க நேர்ந்தால் இரண்டு அடிக்கு மேல் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள்.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், அப்போது ஒரு புள்ளியே அரை மி.மீ. ஆகிவிடும். நல்லவேளை, நீங்கள் டாக்குமென்டாக அனுப்பியிருக்கிறீர்கள். போனின் நீளம் 163, அகலம் 75 மி.மீ. ஆனால் படத்தில் இருப்பது கவர் போட்ட போன். கவர் இரண்டு பக்கமும் சேர்த்து 3 மி.மீ. கூட்டும் என்று வைத்தால் 166க்கு 78. படத்தில் போனின் நீளம் 830 புள்ளி, அகலம் 390 புள்ளி. இரண்டையும் வகுத்துப் பார்த்தேன், ஒரு புள்ளிக்கு 0.2 மி.மீ. என்று இரண்டு பக்கமும் ஒன்றாகவே வருகிறது. அதனால் போன் கண்ணாடிக்கு நேராகத்தான் இருந்திருக்கிறது. இரண்டும் வேறு வேறாக வந்திருந்தால் போன் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். விரல்கள் போனின் குறுக்கே கிடக்கின்றன, அதனால் விரலின் அகலம் போனின் நீளவாக்கில்தான் விழுகிறது. நீளத்தில் கிடைத்த கணக்கையே விரலுக்கும் போட வேண்டும்.

கவரை மறந்து 75ஐ 390ஆல் வகுத்திருந்தால் விரல் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஒல்லியாகிவிடும். மோதிரத்தில் அது இரண்டு எண். நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

மோதிர விரலின் அடிப்பகுதி 82 புள்ளி, அதாவது 16.4 மி.மீ. நடுக்கணு 88 புள்ளி, 17.6 மி.மீ. இதில் விளிம்பு மங்கலாக இருப்பதால் ஒரு புள்ளி இரண்டு புள்ளி முன்பின் வரும். அதை நான் 0.4 மி.மீ. தடுமாற்றம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இந்த 16.4ஐ அப்படியே மோதிரத்தின் விட்டமாக எடுத்தால் 11, 12 வரும். அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. விரல் வட்டமாக இருப்பதில்லை, பெரும்பாலும் அகலத்தை விடக் கனம் கொஞ்சம் குறைவு. மேலிருந்து எடுத்த படத்தில் அகலம் மட்டும்தான் தெரியும், கனம் தெரிய வேண்டுமானால் பக்கவாட்டில் இன்னொரு படம் வேண்டும். அது இல்லாததால் கனம் 1 மி.மீ. குறைவு என்று வைத்தேன். அகலமும் கனமும் சேர்ந்து 31.8, அதில் பாதியை 3.14ஆல் பெருக்கினால் 50 மி.மீ. சுற்று. அடிவிரலின் அளவு 10. இதே வழியில் கணுவைக் கணக்கிட்டால், அங்கே கனத்தை 15.8 என்று வைத்து, 52.5 மி.மீ. வருகிறது. பன்னிரண்டரை.

இரண்டு எண்ணில் எதை எடுப்பது? மோதிரம் கணுவைத் தாண்டியாக வேண்டும். அடிவிரலில் சதை அமுங்கிக் கொடுக்கும், கணுவில் எலும்பு கொடுக்காது. போனைப் பிடிக்க விரலை மடக்கியிருப்பதால் கணு படத்தில் கொஞ்சம் புடைத்துத் தெரிவதும் உண்டு. விரலை நீட்டினால் அது சற்று இறங்கும், அதனால் 12 அளவு லேசாகத் திருகிப் போட்டால் ஏறிவிடும் என்று நினைக்கிறேன். ஆனால் நிச்சயத்தன்று மண்டபத்தில் வேலூர்ப் புழுக்கம் இருக்கும், காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பாள். சூட்டில் விரல் வீங்குவது எல்லோருக்கும் நடக்கிறது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எடுத்த படம் இது, குளிர்காலமாக இருக்க வேண்டும். குளிரில் விரல் மெலிந்து இருக்கும், அதனால் நான் 13 சொல்வேன். தம்பி எல்லோர் முன்னாலும் மோதிரத்தைத் திருகிக்கொண்டு நிற்பதை விட, கொஞ்சம் தளர்வாக ஏறிவிட்டுப் பிறகு சின்னதாக்கிக்கொள்வது பரவாயில்லை.

எந்தக் கை என்பதையும் கவனியுங்கள். கண்ணாடிப் படத்தில் இடம் வலம் மாறித் தெரியும், சில போன்கள் திருப்பிச் சேமித்துவிடும். போனின் முதுகில் இருக்கும் எழுத்து தலைகீழாக, அதாவது வலமிருந்து இடமாகத் தெரிந்தால், படத்தில் இடது கையாகத் தெரிவது உண்மையில் வலது கை. உங்கள் படத்தில் எழுத்து திரும்பித்தான் இருக்கிறது, ஆக அது வலது கை. வேலை செய்யும் கை பொதுவாக மற்றதை விட அரை எண், ஒரு எண் பருமனாக இருக்கும். உங்கள் வீட்டு வழக்கம் இடது கையில் போடுவது என்றால் 12 போதும்.

இனி மாடல். இதற்கு மெஹந்தி படமும் உதவுகிறது, ஏனென்றால் மாடலுக்கு மில்லிமீட்டரை விட விகிதம் போதும். அந்தப் படத்தில் மோதிர விரலின் அடிச் சந்திலிருந்து நடுக்கணுவின் மடிப்பு வரை எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தேன். விரல் அகலத்தைப் போல 1.3 மடங்கு. 16.4 அகலத்துக்கு அது 21 மி.மீ. படத்தில் நீளம் சுருங்கித் தெரிவதால் உண்மையில் இதற்கு மேல்தான் இருக்கும், குறையாது. மோதிரத்தின் முகப்பு இந்த 21க்குள் உட்கார வேண்டும். மேலும் கீழும் கொஞ்சம் தோல் தெரிந்தால்தான் விரலுக்கு நீளம் கிடைக்கும், மடக்கும்போது கணுவில் இடிக்காமலும் இருக்கும். நீளவாக்கில் 11, 12 மி.மீ.க்கு மேல் முகப்பு வேண்டாம். அதனால் விரல் முழுக்க மேலே ஏறும் வங்கி மோதிரம் இவருக்குச் சரிவராது. கோயில் நகை மாதிரி பெரிய லட்சுமி முகப்பும் அப்படித்தான்.

இன்னொன்று, விரல்களை நீட்டும்போது அடிப்பகுதியில் சந்து தெரிகிறதா என்பது. இவருக்கு மோதிர விரலும் சுண்டு விரலும் ஒட்டியே இருக்கின்றன, வெளிச்சம் தெரியவில்லை. இப்படிப்பட்ட கையில் பக்கவாட்டில் அகலமான முகப்பு சுண்டு விரலை உரசிப் புண்ணாக்கும். வட்டமான பெரிய கல்லை விட, விரலின் நீளவாக்கில் நிற்கும் முட்டை வடிவக் கல் நல்லது. அதே எடையில் விரலையும் மெலிதாகக் காட்டும். அகலப் பட்டையும் தவிர்க்கவும். 6 மி.மீ.க்கு மேல் பட்டை போனால் அதே அளவே இறுக்கமாகத் தெரியும், அரை எண் கூட்ட வேண்டிவரும். இவர் விரலுக்கு 2.5 முதல் 3 மி.மீ. பட்டை போதும்.

கணு அடிவிரலை விடப் பெரிதாக இருக்கிறது என்பதை மாடலிலும் கணக்கில் எடுங்கள். கணுவைத் தாண்டிய மோதிரம் அடியில் தளர்வாக நிற்கும். தலைப்பாரம் உள்ள மோதிரம் என்றால் கல் உள்ளங்கைப் பக்கம் திரும்பிவிடும், நாள் முழுக்க அதைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டியதுதான். முகப்பு தாழ்வாகவும், அடிப்பட்டை சற்றுக் கனமாகவும் இருந்தால் அவ்வளவாகச் சுற்றாது. அதற்கு மேலும் சுற்றினால் பத்தர் உள்பக்கம் அடியில் இரண்டு சின்னத் தங்கக் குண்டு வைத்துக் கொடுப்பார். கணுவைத் தாண்டிய பிறகு அவை விரலைப் பிடித்துக்கொள்ளும்.

நகத்தைப் பாருங்கள், ஒட்ட வெட்டியிருக்கிறார், பாலிஷ் இல்லை. எந்த விரலிலும் மோதிரத் தழும்பு கிடையாது. வார்டில் வேலை பார்ப்பவர்கள் கை அப்படித்தான் இருக்கும். கை கழுவுவதும் கிளவுஸ் போட்டுக் கழற்றுவதும் ஓயாது. கொக்கியில் உயர்ந்து நிற்கும் கல் கிளவுஸைக் கிழிக்கும், கொக்கியிடுக்கில் அழுக்கும் சேரும். நிறைய மருத்துவமனைகளில் வார்டுக்குள் கல் மோதிரத்துக்கே அனுமதி இல்லை, வழுவழுப்பான வெறும் வளையம் ஒன்றை மட்டும் விட்டுவைப்பார்கள். அதனால் என் முதல் யோசனை நெளி மோதிரம். நம் பக்கத்துக் கைக்குப் பழக்கமான மாடல், அந்த அலை மேலே போய்க் கீழே வருவதால் விரலுக்கு நீளம் காட்டும், கல்லே இல்லாமலும் நிச்சயத்துக்கு எடுப்பாக இருக்கும். ஆழமில்லாத ஒரே நெளி போதும், இரண்டு மூன்று நெளி வரிசையாக வந்தால் மறுபடி இடத்தை அடைத்துவிடும். கல் இருந்தே ஆக வேண்டும் என்று தம்பி சொன்னால், ஒரே ஒரு சின்ன முட்டைக் கல், அதைச் சுற்றிலும் தங்க விளிம்பு கட்டி, தோலோடு தாழ்வாகப் பதித்தது. விடுமுறை நாளில் அது, வேலை நாளில் எது என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

நிறத்தைப் பற்றிக் கேட்காமல் விட்டீர்கள், நல்லதாயிற்று. ட்யூப்லைட்டிலும் பில்டரிலும் எடுத்த படத்தை வைத்து ரோஸ் கோல்டா மஞ்சள் தங்கமா என்று சொல்வது ஜோசியம்.

பத்தரிடம் போட்டோவைக் காட்டி, சின்ன கை, பார்த்துச் செய்யுங்கள் என்றால் அவர் கையில் இருக்கும் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார். இப்படிச் சொல்லுங்கள்: “வலது கை மோதிர விரல். அடிவிரல் அகலம் பதினாறரை மில்லிமீட்டர் கிட்ட, கணு அதை விட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அகலம். விரல் நடுத்தர நீளம், நுனி மெலிவு. அடியிலிருந்து கணு மடிப்பு வரைக்கும் 21 மில்லிமீட்டர் இடம். சுண்டு விரல் ஒட்டியிருக்கும், பக்கம் அகலக்கூடாது. உள்விட்டம் 16.9 வைத்து, மூன்று மில்லிமீட்டர் பட்டையில் ஒரு நெளி. நர்ஸ் கை, எதுவும் துருத்தக் கூடாது.” எண்ணோடு நிறுத்தாமல் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடைக்குக் கடை ரிங் கேஜ் ஒரு எண் தள்ளி இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். மோதிரம் கைக்கு வந்ததும் வெர்னியரில் உள்விட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஒன்றிரண்டு எண் தப்பும் என்று சொன்னேன், அதற்கு இடம் விட்டுத்தான் வாங்க வேண்டும். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தை அளவு மாற்ற முடியாது, வெட்டவும் ஒட்டவும் வெறும் தங்கம் இருக்கும் இடம் வேண்டும். அடிப்பாதி வெறும் பட்டையாக இருப்பதைத்தான் எடுக்கவும். இரண்டு எண் பெரிதாக்க 2 மி.மீ. நீளத் துண்டு சேர்க்க வேண்டும். 3 மி.மீ. அகலம், ஒன்றரை மி.மீ. கனப் பட்டைக்கு அது 160 மில்லிகிராம் அளவுதான் வரும். அதற்கு மேல் எடை சொன்னால் கேள்வி கேளுங்கள். வெட்டும்போது உள்பக்கம் ஹால்மார்க்கின் 916, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க ஹெச்யுஐடி பொறித்த இடத்தில் கை வைக்காமல் எதிர்ப்பக்கம் வெட்டச் சொல்லவும். நிச்சயம் முடிந்து ஒரு மாதத்துக்குள் அளவு மாற்றித் தருவதற்குக் கூலி உண்டா இல்லையா என்பதை பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

அப்புறம், பெண்ணுக்கு அக்காவோ அம்மாவோ உங்களோடு பேசுகிற மாதிரி இருந்தால், வீட்டில் அவர் முன்பு மோதிர விரலில் போட்டுக் கழற்றி வைத்த பழைய மோதிரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கவரிங்காக இருந்தாலும் போதும். அதன் உள்விட்டம் 16.5க்கும் 17க்கும் நடுவில் வந்தால் மேலே சொன்ன 13ஐயே செய்யச் சொல்லலாம். 16க்குக் கீழேயோ 17.5க்கு மேலேயோ வந்தால் என் கணக்கை விட்டுவிட்டு அந்த மோதிரத்தையே பத்தரிடம் கொடுங்கள்.